ஒரு கந்தகம், இரண்டு வேலை

காசநோய் ஆய்வகம் ஒன்றில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சளி கரைவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே முகக்கவசம் போட்ட ஆய்வக நுட்பநர் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சாய்த்துக் காட்டினார். நோயாளி காலையில் காறித் துப்பிக் கொடுத்த சளி அதன் அடியில் கிடந்தது. சாய்த்தால் அது ஓடவில்லை. நுங்கு வழுக்குவதுபோல மொத்தமாக ஒரே கட்டியாய் நகர்ந்தது. அதே அளவுக்கு நிறமில்லாத ஒரு கரைசலை ஊற்றி, மூடியை இறுக்கி, அதிர்வுக் கருவியில் சில நொடிகள் பிடித்தார். பிறகு கால் மணி நேரம் காத்திருந்தார். மறுபடி சாய்த்தபோது குழாய்க்குள் இருந்தது வடிகஞ்சி போல ஓடியது.

அந்தக் கரைசலில் மூன்று பொருள்கள் இருந்தன. காஸ்டிக் சோடா சளியில் உள்ள மற்ற கிருமிகளைக் கொல்லும். மெழுகுப் போர்வை போர்த்திய காசநோய்க் கிருமி அந்தக் கால் மணி நேரத்தைத் தாங்கிக்கொள்ளும். சோடியம் சிட்ரேட், கரைசலைக் கெடுக்கக்கூடிய உலோக அயனிகளைப் பிடித்து வைக்கும். சளியின் கட்டை அறுப்பது மூன்றாவது பொருளான அசிட்டைல்சிஸ்டைன். கட்டு அவிழ்ந்தால்தான் உள்ளே சிக்கிய கிருமி வெளியே வரும். மையவிலக்கில் சுழற்றி அதை அடியில் படியவைத்து வளர்த்துப் பார்க்க முடியும்.

வேலை முடிந்து வெளியே வந்த நுட்பநர் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. “நேத்து கலந்தது இன்னிக்கு வேலைக்கு ஆகாது சார். காத்து பட்டுப் பட்டு பவர் போயிடும். அன்னன்னிக்குத் தேவையானதை அன்னன்னிக்குத்தான் கலப்போம்.”

இதே பொருளைத்தான் மருந்துக்கடையில் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரையாக விற்கிறார்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவில், பாரசிட்டமால் அளவுக்கு மீறி உடம்புக்குள் போனவருக்கு டிரிப்பில் ஏற்றுவதும் இதையேதான். நுரையீரல் சளிக்கும் கல்லீரல் நஞ்சுக்கும் ஒரே மருந்து எப்படி? விடை அந்த மூலக்கூறில் உள்ள ஒரே ஒரு கந்தக அணுவில் இருக்கிறது.

சளி ஏன் இழுபடுகிறது?

சளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆரோக்கியமான மூச்சுக்குழாய்ச் சளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல் தண்ணீர் உண்டு. மீதியில் உப்பும் புரதங்களும். அந்தப் புரதங்களில் மியூசின் என்பதுதான் சளிக்கு அதன் தன்மையைத் தருகிறது. ஒரு மியூசின் இழையைப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷாகக் கற்பனை செய்துகொள்ளலாம். நடுவில் புரதக் கம்பி; சுற்றிலும் மயிர்போலச் சர்க்கரைச் சங்கிலிகள். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது இந்தச் சர்க்கரைகள்.

கம்பியின் இரண்டு நுனிகளிலும் சர்க்கரை குறைவு. சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் அதிகம். புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் சிஸ்டைனுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் நுனியில் ஒரு கந்தக அணுவும் அதைப் பற்றிய ஒரு ஹைட்ரஜனும் இருக்கின்றன. இரண்டு சிஸ்டைன்கள் அருகருகே வந்து ஹைட்ரஜனை இழந்தால், இரண்டு கந்தகங்களும் நேரடியாகக் கைகோத்துக்கொள்ளும். இதுதான் டைசல்ஃபைடு பிணைப்பு. செல்லுக்குள் மியூசின்கள் முதலில் வால்பக்கமாக இரண்டிரண்டாகச் சேர்கின்றன. பிறகு அந்த ஜோடிகள் தலைப்பக்கமாகக் கைகோத்து நீளமான சங்கிலிகளாகின்றன. சுருட்டி மடித்து வைத்த அந்தச் சங்கிலி வெளியே வந்ததும் தண்ணீரைக் குடித்துப் பெருத்து, வலை போல விரிகிறது. சளி இழுபடுவது இந்த வலையால்தான்.

இந்த வலை நமக்குப் பகை அல்ல. தூசியையும் கிருமியையும் அது பிடிக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் அசைந்துகொண்டே இருக்கும் நுண்மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். நீண்டகாலம் புகைபிடித்தவர்களுக்கும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி உள்ளவர்களுக்கும் மியூசின் அதிகமாகச் சுரக்கிறது, தண்ணீர் அந்த அளவுக்குச் சேர்வதில்லை. வலை நெருக்கமாகிவிடுகிறது. அழற்சி நடக்கும் இடத்தில் வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் புதிய கந்தகக் கைகோப்புகளையும் உண்டாக்குகின்றன. அப்போது நுண்மயிர்களால் அதைத் தள்ள முடிவதில்லை. மனிதர் இருமி இருமிக் களைக்கிறார்.

கை மாறும் கந்தகம்

டைசல்ஃபைடு பிணைப்பை வேறொரு இடத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அழகு நிலையங்களில் ‘ரீபாண்டிங்’ செய்கிறார்கள் அல்லவா? முடியின் கெரட்டின் புரதத்தை வளைத்தும் சுருட்டியும் பிடித்திருப்பது இதே பிணைப்புதான். நெடி அடிக்கும் முதல் கிரீம் அதை அவிழ்க்கிறது. முடியை நேராக்கியபின் தடவும் இரண்டாவது கிரீம் மறுபடி பூட்டுகிறது. முதல் கிரீமில் இருப்பது கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த நுனியுள்ள ஒரு பொருள். அசிட்டைல்சிஸ்டைனும் அந்தக் குடும்பம்தான். மாத்திரை உறையைப் பிரித்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது பழுதல்ல, கந்தகத்தின் வாசம்.

சளியில் நடப்பது இதுதான். அசிட்டைல்சிஸ்டைனின் கந்தகம் தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு, மின்னூட்டம் ஏறிய நிலையில், கைகோத்து நிற்கும் இரண்டு மியூசின் கந்தகங்களில் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. மற்றொன்றின் பிடி விடுபடுகிறது. அது ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு தனியே நிற்கிறது. இன்னொரு அசிட்டைல்சிஸ்டைன் வந்து முதல் மூலக்கூறைப் பற்றினால், இரண்டு மருந்து மூலக்கூறுகளும் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு விலக, மியூசின் முழுவதும் விடுபட்டுவிடும். இங்கே எதுவும் எரிவதில்லை, செரிப்பதும் இல்லை. ஒரு பிடி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். நீளச் சங்கிலி துண்டு துண்டாகிறது, வலை தளர்கிறது, சளி ஓடுகிறது.

இந்தக் கைமாற்றத்திற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கந்தகம் ஹைட்ரஜனை விடவேண்டும் என்றால் சூழல் புளிப்பாக இருக்கக் கூடாது; சற்றுக் காரத்தன்மை வேண்டும். சளியைக் கரைக்கும் திறன் நன்றாகத் தெரிவது 7 முதல் 9 வரையிலான பி.எச். அளவில். இரண்டாவது, இது திரும்பியும் நடக்கக்கூடிய வினை என்பதால் மருந்து ஏராளமாக இருக்கவேண்டும். சிறிதளவு மருந்து போய்ச் சேர்ந்தால் வலை அசைந்துகொடுக்காது.

ஆய்வக நுட்பநர் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டால் இரண்டு அசிட்டைல்சிஸ்டைன்கள் தங்களுக்குள்ளேயே கைகோத்துக்கொள்கின்றன. அப்படிக் கைகோத்தவற்றிடம் மியூசினைப் பற்ற வெறும் கை ஏது?

சரி, இயற்கையான சிஸ்டைனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? அது இன்னும் சுலபமாகக் காற்றில் கைகோத்து, தண்ணீரில் கரையாத படிகமாக அடியில் தங்கிவிடும். அதன் நைட்ரஜன் முனையில் அசிட்டைல் என்ற சிறு தொப்பியைப் போட்டால் மூலக்கூறு உறுதிப்படுகிறது. இன்னொரு உறவினரான கார்போசிஸ்டைனையும் சளி மருந்துகளில் பார்க்கலாம். அதில் மூடப்பட்டிருப்பது கந்தகமேதான். ஆகவே அது மியூசினின் பிடியை நேரடியாக அவிழ்க்காது. சளி சுரக்கும் விதத்தை மாற்றும் வழியில் வேலை செய்கிறது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் தொழில் வேறு.

மூக்கு வழியா, வாய் வழியா?

1963-இல் ஷெஃப்னர் என்ற ஆய்வாளர், மியூசின் கரைசலின் பிசுபிசுப்பை அசிட்டைல்சிஸ்டைன் குறைப்பதைச் சோதனைக் குழாயில் காட்டினார். உள்ளிழுக்கும் சளிக்கரைப்பானாக அது அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். நெபுலைசர் வழியாக 10 அல்லது 20 சதவீதக் கரைசலை மூச்சில் இழுக்கும்போது மருந்து நேராகச் சளியின்மேல் படுகிறது. ஆய்வகக் குழாயில் நடந்தது ஓரளவுக்கு மூச்சுக்குழாயிலும் நடக்கிறது.

இதில் கவனிக்கவேண்டிய ஆபத்துகள் இரண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஆவி மூச்சுக்குழாயைச் சட்டென்று இறுக்கிவிடலாம். வீசிங் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தவேண்டும். முன்கூட்டியே மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுப்பது இதற்காகத்தான். மற்றது, கரைந்த சளி அளவில் கூடி ஓடிவரும். தானாக இருமித் துப்ப வலுவில்லாத முதியவருக்கோ மயக்கத்தில் இருப்பவருக்கோ அது மூச்சையே அடைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு உறிஞ்சுகுழாயைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்ளாமல் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.

மாத்திரையாக விழுங்கினால் கதை வேறு. குடலும் கல்லீரலும் வழியிலேயே அதைப் பிடித்து, அசிட்டைல் தொப்பியைக் கழற்றிச் சிஸ்டைனாக்கிவிடுகின்றன. விழுங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட அதே உருவத்தில் ரத்தத்துக்கு வருவதில்லை. அதில் நுரையீரல் சளியைச் சேர்வது இன்னும் சொற்பம். எனவே 600 மில்லிகிராம் நுரை மாத்திரை, நெஞ்சுச் சளியின் கைகோப்புகளை நேரில் போய் அறுக்கிறது என்று நினைப்பது சரியல்ல.

அதற்காக மாத்திரையால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஆயிரம் பேரிடம் சீனாவில் ஓராண்டு நடந்து 2014-இல் வெளியான பாந்தியான் ஆய்வில், தினமும் இரண்டு வேளை 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நோய் திடீரென்று முற்றும் நிகழ்வுகள் ஆண்டுக்குச் சராசரியாக 1.16, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.49. ஐரோப்பாவில் தினமும் ஒரு வேளை கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்த ப்ரோங்கஸ் ஆய்விலோ, நுரையீரலின் திறன் குறைந்துகொண்டே போவதை மருந்து தடுக்கவில்லை. பலன் இருக்கும் இடத்தில் அது சளியை அறுத்ததால் வந்தது என்பதைவிட, இந்த மருந்தின் இரண்டாவது வேலையால் வந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது. நுரைப்பதற்காக மாத்திரையில் சோடியம் உப்பும் சேர்த்திருப்பார்கள். ரத்தக்கொதிப்புக்காரர்கள் அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்லீரலின் கையிருப்பு

இரண்டாவது வேலை என்பது குளுட்டதயோனுக்கு மூலப்பொருள் தருவது. நிறம் வெளுக்கும் ஊசி என்ற விளம்பரங்களில் இந்தப் பெயர் பலர் காதில் விழுந்திருக்கும். உடம்பில் அதன் உண்மையான இடம் ஒவ்வொரு செல்லின் உட்புறம். எல்லாவற்றையும்விடக் கல்லீரலில் அது அதிகம். குளுட்டமேட், சிஸ்டைன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்த குட்டி மாலை அது. முதல் நொதி குளுட்டமேட்டையும் சிஸ்டைனையும் இணைக்கிறது. இரண்டாவது நொதி கிளைசினைச் சேர்க்கிறது. நடுவில் இருக்கும் சிஸ்டைனின் கந்தகம்தான் வேலை செய்யும் கை. குளுட்டமேட்டுக்கும் கிளைசினுக்கும் செல்லில் பஞ்சம் வருவதில்லை. சிஸ்டைன்தான் குறைவு. எவ்வளவு சிஸ்டைன் வருகிறதோ அவ்வளவுதான் குளுட்டதயோன்.

இதன் அருமை தெரிவது பாரசிட்டமால் நஞ்சாகும்போது. காய்ச்சலுக்குச் சரியான அளவில் எடுக்கும் பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் சர்க்கரை அமிலத்தோடும் சல்ஃபேட்டோடும் சேர்த்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் வேறொரு நொதியின் கையில் சிக்கி, ‘நாப்கி’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முரட்டுப் பொருளாக மாறுகிறது. குளுட்டதயோன் தன் கந்தகத்தால் அதைப் பற்றி அடக்கிவிடும். அளவு மீறினால் முதல் இரண்டு பாதைகளும் நெரிந்துபோய், நாப்கி பெருகுகிறது. குளுட்டதயோன் கையிருப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது, அடக்க ஆளில்லாத நாப்கி கல்லீரல் செல்லின் சொந்தப் புரதங்களையே பற்றிக்கொள்கிறது. செல்கள் சாகத் தொடங்குகின்றன. பட்டினி கிடப்பவர்களுக்கும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் கையிருப்பு முன்பே குறைவு என்பதால் ஆபத்து அதிகம்.

இந்த வழியை 1973-இல் கண்டு சொன்னது அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்களில் இருந்த மிட்செல், ஜாலோ குழு. கையிருப்பை நிரப்பினால் கல்லீரல் பிழைக்கும் என்பது அதிலிருந்தே தெரிந்தது. குளுட்டதயோனை நேரடியாக ஏற்றினால் அது செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் முதலில் சிஸ்டமைன் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார். கல்லீரல் தப்பியது, ஆனால் வாந்தியும் குமட்டலும் கடுமையாக இருந்தன. சளிக்கென்று ஏற்கெனவே கையில் இருந்த அசிட்டைல்சிஸ்டைன் அந்த இடத்துக்கு வந்தது. அது செல்லுக்குள் போய், தொப்பியைக் கழற்றி, சிஸ்டைனைத் தரும்.

1979-இல் பிரெஸ்காட் வெளியிட்ட கணக்கு இன்றும் மருத்துவ மாணவர்கள் படிப்பது. கடுமையான பாரசிட்டமால் நஞ்சுக்கு ஆளான நூறு பேருக்கு இந்த மருந்தை நரம்பில் ஏற்றினார். பத்து மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்த 62 பேரில் கல்லீரல் கடுமையாகக் கெட்டது ஒருவருக்கு மட்டுமே. மாற்று மருந்து வருவதற்கு முன் பொதுவான கவனிப்பு மட்டும் பெற்ற 57 பேரின் பழைய பதிவுகளைப் பார்த்தால் 33 பேருக்குக் கெட்டிருந்தது.

ஓர் இரவு, ஒரு பகல்

அவசரப் பிரிவில் இது எப்படி நடக்கிறது? 50 கிலோ எடையுள்ள ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் அளவுமீறி எடுத்த நேரம் தெரிந்தால், நான்கு மணி நேரம் கழிந்தபின் ரத்தத்தில் பாரசிட்டமால் அளவைப் பார்ப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் மாத்திரை இன்னும் குடலிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும், எண் ஏமாற்றும். அந்த எண்ணை ரூமாக், மேத்யூ இருவரும் 1975-இல் வரைந்த கோட்டுப்படத்தில் வைத்து, கோட்டுக்கு மேலே இருந்தால் மருந்தைத் தொடங்குவார்கள். நேரம் தெரியாவிட்டாலோ, இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிப்போயிருந்தாலோ அந்தப் படம் உதவாது. கல்லீரல் பரிசோதனைகளையும் நடந்ததையும் வைத்தே முடிவெடுக்கவேண்டும்.

வழக்கமான முறைப்படி, முதல் தவணை கிலோவுக்கு 150 மில்லிகிராம்: நம் 50 கிலோ மனிதருக்கு 7.5 கிராம், டிரிப்பில் சுமார் ஒரு மணி நேரத்தில். அடுத்த நான்கு மணி நேரத்தில் 2.5 கிராம். அதற்கடுத்த பதினாறு மணி நேரத்தில் 5 கிராம். மொத்தம் 21 மணி நேரத்தில் 15 கிராம். நுரை மாத்திரைக் கணக்கில் இது 25 மாத்திரை. முதல் தவணை பெரிதாக இருப்பதற்குக் காரணம், காலியாகிக்கொண்டிருக்கும் கையிருப்பை உடனே நிரப்பவேண்டும் என்பது. கடைசித் தவணை மெதுவாக ஓடுவது, உடம்பில் மிச்சமுள்ள பாரசிட்டமால் தீரும்வரை சிஸ்டைன் வந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக. முடிவில் ரத்தப் பரிசோதனை சரியாக இல்லை என்றால் டிரிப் தொடரும்.

முதல் தவணையின்போது சிலருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தடிப்புத் தடிப்பாக எழும்பும். சிலருக்கு மூச்சும் இறுகும். ஒவ்வாமை போலத் தோன்றினாலும் இது உண்மையான ஒவ்வாமை அல்ல. மருந்து வேகமாக ஏறும்போது உடம்பு ஹிஸ்டமினைக் கொட்டுவதால் வருவது. டிரிப்பை நிறுத்தி, அரிப்புக்கு மருந்து கொடுத்து, அடங்கியபின் மெதுவாகத் திரும்பத் தொடங்கினால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். அரிப்பு வந்தது என்பதற்காகக் கல்லீரலைக் காக்கும் மருந்தை அடியோடு கைவிடுவதுதான் தவறு.

இதையெல்லாம் நோயாளியின் முகத்தைப் பார்த்து அறிய முடியாது. முதல் நாள் கொஞ்சம் குமட்டல், வாந்தி இருக்கும். சிலருக்கு அதுவும் இராது. ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று வீட்டார் நினைப்பது அப்போதுதான். இரண்டாம் நாள் வலது விலாவுக்குக் கீழே வலி வரும், ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறும். மஞ்சள் காமாலையும் குழப்பமும் தெரிவது மூன்றாம், நான்காம் நாளில். நாப்கி ஏற்கெனவே பற்றிவிட்ட செல்களை எந்தக் குளுட்டதயோனும் மீட்காது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பும். தாமதமாக வந்தாலும் மருந்துக்குப் பலன் உண்டு, ஆனால் ஒவ்வொரு மணிக்கும் அது குறைகிறது.

காய்ச்சல் மாத்திரை, ஜலதோஷ மாத்திரை, பல்வலி மாத்திரை என்று மூன்று பெயரில் மூன்று அட்டைகள் வீட்டில் இருக்கும். மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கக்கூடும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். தெரியாமல் கூடிப்போனாலும், மனம் நொந்து யாராவது விழுங்கிவிட்டாலும், திட்டுவதற்கோ வாந்தி எடுக்கவைப்பதற்கோ நேரத்தைச் செலவழிக்காமல் 108-ஐ அழையுங்கள். அட்டைகளையும், எத்தனை மணிக்கு எடுத்தார் என்ற குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த மணிக்கணக்கை வைத்துத்தான் மருத்துவர் கோட்டுப்படத்தையே திறப்பார்.